டிபியாம் டிபி! எந்த டிபி ஐயா?

பயிற்சிப் பாடங்களுக்குக் குரல் கொடுப்பது என் வேலை. இன்று காலை வந்த வாசிப்புப் பிரதியின் முதல் வரி இது: “டிபி இருப்பதாகச் சந்தேகம் வந்தால் முதலில் மார்பைப் படம் எடுக்க வேண்டும்.” கூடவே ஸ்லைடுகளை அனுப்பவில்லை. கோப்பின் பெயர் ‘பாகம் 3’. நான் மைக் முன்னால் உட்கார்ந்து, வாட்ஸ்அப்பில் முகப்புப் படத்தைச் சொல்வோமே, அந்த DP என்று நினைத்து அழகாக வாசித்துவிட்டேன். படம் எடுக்க வேண்டும் என்று வேறு இருக்கிறதே! மூன்றாவது வரியில் இருமல் வந்த பிறகுதான் இது காசநோய், TB என்று உறைத்தது.

சிரிப்புதான். ஆனால் பதினொரு நிமிடப் பதிவில் ஒன்பது இடத்தைத் திரும்பப் பேச வேண்டும் என்று மாலையில் செய்தி வரும்போது சிரிப்பு வராது. அந்த ஒன்பதில் ஒன்றுகூட நான் நாக்குக் குழறிய இடம் இல்லை. ஒன்பதும் எழுதியவர் எழுதாமல் விட்ட இடங்கள். கேட்டால், “அதெல்லாம் நீங்களே பார்த்துப் படிச்சிடுங்க சார், உங்களுக்குத் தெரியாததா?” என்கிறார். தெரியாது ஐயா. எதைப் பார்த்து? ஸ்லைடையே அனுப்பவில்லையே!

பிரதி எழுதுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர் ஸ்லைடில் இருக்கும் ஆங்கிலத்தை அப்படியே வெட்டி ஒட்டி, ஒரு கோடு போட்டு வேற்றுமை உருபைத் தொங்கவிடுவார். இன்னொருவர் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் மாற்றிவிட்டு, வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்வார். எனக்கு முதலாமவர்மேல்கூட அவ்வளவு கோபம் இல்லை. TB என்று ஆங்கிலத்திலேயே விட்டிருந்தால் நான் TB என்றே வாசித்திருப்பேன். தமிழில் ‘டிபி’ என்று மாற்றியவர்தான் இருந்த தகவலையும் அழித்துவிட்டார். T, D இரண்டுக்கும் நம் எழுத்தில் டி. P, B இரண்டுக்கும் பி. ஆக TB, TP, DB, DP நான்கும் ‘டிபி’தான். நான்கில் ஒன்றை நான் குலுக்கிப் போட்டா எடுப்பது?

“தமிழ் எழுத்தின் குறை இது” என்று உடனே ஒருவர் கிளம்புவார். குறை எழுத்தில் இல்லை. தமிழ்ச் சொல்லில் ஒலி எங்கே அழுத்தமாக வரும், எங்கே மெலியும் என்பதை இடமே சொல்லிவிடும். ‘பாட்டு’ என்றால் இரட்டித்து வந்த வல்லினம், அழுத்தம். ‘பாடு’ என்றால் இரண்டு உயிருக்கு நடுவே வந்தது, மெலிவு. ‘நண்டு’ என்றால் மூக்கொலிக்குப் பின்னால் வந்தது, அதுவும் மெலிவு. யாரும் சொல்லித்தராமலே நாக்கு இதைச் செய்யும். ஆங்கில எழுத்துகளின் பெயர்களை வரிசையாக ஒட்டி எழுதினால், நாக்கு அங்கேயும் இதே பழக்கத்தைத்தான் காட்டும். சிக்கலே அதுதான்.

இன்றைய பிரதியிலேயே அழகான உதாரணம் இருந்தது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயில் MDR, XDR என்று இரண்டு பிரிவு. பிரதியில் ‘எம்டிஆர்’, ‘எக்ஸ்டிஆர்’ என்று இருந்தது. முதலாவதை நான் சரியாக வாசித்தேன், ஏன் என்று பாருங்கள். டி-க்கு முன்னால் ம் நிற்கிறது. மூக்கொலிக்குப் பின்னால் ட தானாகவே மெலிந்து D ஆகிவிடுகிறது. இரண்டாவதில் முன்னால் நிற்பது ஸ். ‘மாஸ்டர்’ என்று சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு, ஸ்-க்குப் பின்னால் வரும் ட-வை அழுத்தித்தான் சொல்லும். XTR என்று பதிவாகிவிட்டது. ஒரே D, ஒரே பிரதி, ஒரே வாய். ஒன்று தானாகச் சரியாகிறது, இன்னொன்று தானாகத் தவறாகிறது. இதில் கொடுமை என்னவென்றால், ஒத்திகையில் எம்டிஆர் சரியாக வந்ததைக் கேட்டுவிட்டு, “பரவாயில்லை, இவருக்குத் தெரிந்திருக்கிறது” என்று எழுதியவர் போய்விட்டார்.

சொல்லின் முதலில் வரும் எழுத்துக்கு இந்தப் பழக்கமும் உதவாது. டிக்கெட்டில் T, டிசம்பரில் D. பவுடரில் P, பஸ்ஸில் B. சொல் தெரிந்தவனுக்குத்தான் ஒலி தெரியும். புதுச் சுருக்கப்பெயருக்கு யாரிடம் போய்க் கேட்பது?

இத்தனைக்கும் இதற்கு வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. தமிழ் எழுத்தில் அச்சான வடமொழிச் சுலோகப் புத்தகம் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். எழுத்தின் தோளில் சின்னதாக 2, 3, 4 என்று எண் உட்கார்ந்திருக்கும். எண் இல்லாத க அழுத்தமான க, க³ என்றால் மெலிந்த க. ட³, த³, ப³ எல்லாம் அப்படியே. நமக்கு 2, 4 வேண்டாம், அந்த மூன்று ஒன்றே போதும். TB என்றால் டி·பி³. DP என்றால் டி³·பி. XDR என்றால் எக்ஸ்·டி³·ஆர். அவ்வளவுதான் வேலை. ஒரு எச்சரிக்கை மட்டும்: பழக்கமில்லாதவர் ‘பி மூன்று’ என்று எண்ணையும் சேர்த்து வாசித்துவிடுவார். அதனால் பிரதியின் தலைப்பில் ஒரு வரியில் விளக்கம் வேண்டும். எண் பிடிக்கவில்லையா, ஓரத்தில் ‘பஸ்ஸின் ப’, ‘டாக்டரின் முதல் ட’ என்று எழுதிவிடுங்கள். ‘பந்தின் ப’ என்று மட்டும் எழுதாதீர்கள். அதை இரண்டு விதமாகவும் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள்.

நடுவில் நான் போட்ட புள்ளியையும் கவனியுங்கள். அது அலங்காரம் இல்லை. எழுத்தெழுத்தாக வாசிக்க வேண்டியதற்குப் புள்ளி, ஒரே சொல்லாக வாசிக்க வேண்டியதற்குப் புள்ளி கிடையாது. உலக சுகாதார நிறுவனமான WHO-வை ஆங்கிலத்தில் யாரும் ‘ஹூ’ என்று சொல்வதில்லை, டபிள்யூ·எச்·ஓ. ஆனால் அதே பாடத்தில் வரும் DOTS, காசநோய் மாத்திரையைக் கண்ணெதிரே விழுங்கவைக்கும் சிகிச்சை முறை, ஒரே சொல், டா³ட்ஸ். இரண்டும் பெரிய எழுத்துகள்தான், பார்த்தால் ஒரே சாயல். புள்ளிக்குப் பதில் இடைவெளி விடலாமே என்பார்கள். விட்டால், வரி முடியும் இடத்தில் டபிள்யூ மேலே நிற்கும், எச் ஓ கீழே இறங்கிவிடும். நான் நடுவில் மூச்சு விடுவேன்.

வெட்டி ஒட்டுகிறவருக்கு வருகிறேன். அவர் செய்யும் ஒரு காரியம் எனக்குச் சில சமயம் உதவியிருக்கிறது, அவருக்கே தெரியாமல். இன்னொரு பிரதியில் “IGRA-வில்” என்று இருந்தது. காசநோய்க் கிருமி உடம்பில் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை அது. எழுத்தெழுத்தாகச் சொன்னால் ஏ-யில் முடியும், ‘ஏ-யில்’ என்றுதான் வரும். ‘வில்’ என்று இருப்பதால் இது ஆ-வில் முடியும் ஒரே சொல், ‘இக்³ரா’. ஒரு வ் போதும், வாசிப்பு தீர்ந்தது. தமிழில் உருபு கடைசி ஒலியைப் பார்த்துத்தான் ஒட்டும். எனவே உருபைத் தட்டும்போதே எழுதுகிறவர் மனதுக்குள் அந்தப் பெயரை ஒருமுறை உச்சரித்துவிடுகிறார். உச்சரித்ததை எழுதித்தொலைக்கக் கூடாதா?

எல்லா இடத்திலும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. “WHO-வின்” என்றால் ஓவின், ஹூவின் இரண்டுக்குமே வ்தான். “DOTS-இன்” என்றாலும் அதே கதை. தவறாக ஒட்டினால் இன்னும் மோசம். “Mantoux-இல்” என்று எழுதியிருந்தார்கள். தோலுக்குள் ஊசி போட்டு இரண்டு மூன்று நாள் கழித்துத் தடிப்பை அளப்பார்களே, அந்தப் பரிசோதனை. பிரெஞ்சுக்காரர் பெயர், கடைசி x வாயில் வராது, ‘மான்டூ’. அப்படியானால் ‘மான்டூவில்’ என்று வர வேண்டும். ‘இல்’ என்று பார்த்ததும் நான் ‘மான்டூக்ஸில்’ என்று போய்விட்டேன். வழி தப்பியதற்கு வழிகாட்டிப் பலகையே காரணம்!

ஆட்பெயர்களில் எழுத்து மட்டும் போதாது, ஒரு முடிவும் எடுக்க வேண்டியிருக்கிறது. 1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து அறிவித்த ராபர்ட் Koch ஜெர்மானியர். அவர் ஊரில் குட்டை ஒ, கடைசியில் தொண்டையை உரசும் ஒலி. ‘கொஹ்’ என்றால் ஓரளவு கிட்டத்தில் வரும். நம் ஆட்கள் கோச், கோக், காக் என்று மூன்று விதமாகச் சொல்கிறார்கள். கிருமிக்குச் சாயம் ஏற்றும் முறைக்குப் பெயர் தந்த Ziehl, Neelsen இருவரும் ஜெர்மானியர்களே. அங்கே ட்ஸீல், நேல்சன். ஆனால் ஆங்கில வழியில் படித்தவர்கள் ‘ஜீல் நீல்சன்’ என்பார்கள். இந்தப் பதிவைக் கேட்கப்போவது ஆய்வகப் பயிற்சிக்கு வருகிறவர்கள். நாளைக்குப் பக்கத்து மேசைக்காரர் ‘ஜீல் நீல்சன்’ என்று சொல்லும்போது அவர்களுக்குப் புரிய வேண்டும். அதனால் நான் ஆய்வக வழக்கின் பக்கம். Koch-க்கு ‘கொஹ்’ என்பேன், அந்த ஒலியை நானே சொல்லிக்காட்ட முடியும் என்பதால். நீங்கள் வேறு மாதிரி முடிவெடுங்கள், சண்டைக்கு வரமாட்டேன். முடிவெடுக்காமல் என் தலையில் கட்டாதீர்கள். இரண்டாம் பாகத்தில் வேறொருவர் குரல், அவர் ‘கோச்’ என்றார், மூன்றாம் பாகத்தில் நான் ‘கொஹ்’. கேட்கிறவர் இரண்டு விஞ்ஞானிகள் என்று நினைத்தால் யார் பொறுப்பு?

இவ்வளவும் சேர்த்து எத்தனை பெயர் என்று எண்ணிப் பார்த்தேன். பதினொரு நிமிடப் பிரதியில் பதினான்கு. ஸ்லைடில் எப்படி இருக்கிறது, வாயில் எப்படி வர வேண்டும், உருபு சேர்ந்தால் எப்படி மாறும் என்று பதினான்கு வரி எழுதிப் பிரதியின் மேலே ஒட்ட, சாவகாசமாகச் செய்தாலும் அரை மணி நேரம். நான் ஒன்பது இடத்தைத் திரும்பப் பேசி, முன்பின் குரல் ஏற்ற இறக்கம் ஒட்டும்படி வெட்டிச் சேர்க்க இரண்டரை மணி நேரம் ஆனது. காலையில் இருந்த குரல் மாலையில் இருக்காது. கூர்ந்து கேட்டால் ‘எக்ஸ் டி ஆர்’ மட்டும் சளி பிடித்தவன் குரலில் வரும், காசநோய்ப் பாடத்துக்குப் பொருத்தம்தான்.

இதையெல்லாம் விளக்கமாக எழுதி அனுப்பினேன். “நல்ல யோசனை சார், அடுத்த பாகத்திலிருந்து செய்துவிடலாம்” என்று பதில் வந்தது. பத்து நிமிடத்தில் அடுத்த பாகமும் வந்தது. சர்க்கரை நோய். ஸ்லைடு இல்லை. முதல் வரியிலேயே ஒரு ரத்தப் பரிசோதனையின் பெயர், ‘எச்பிஏ1சி-ஐ’ என்று இருக்கிறது. இந்த 1 தமிழ் ‘ஒன்று’ம் இல்லாமல் ஆங்கில ‘ஒன்’ தானா, யார் சொல்வது?