நண்டு வளைக்கும் பில் போட்டிருக்கிறார்கள்

உக்ரைன் போரில் உடைந்த ககோவ்கா அணை பற்றிப் போன வாரம் எழுதியதற்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். "போர்ல செத்த மனுஷனுக்கே நியாயம் இல்ல, நீங்க மீனுக்கும் மரத்துக்கும் நஷ்டஈடு கேக்குறீங்க. உலகத்துல எங்கயாச்சும் நடந்திருக்கா சார்?" அந்த 'சார்' வேறு. அதற்கு வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

நடந்திருக்கிறது சார். பில் போட்டார்கள், பணமும் வந்தது. தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும், ஆனால் சிரிக்க ஒரு நொடி போதுமே.

1990இல் குவைத்துக்குள் புகுந்து, 1991 பிப்ரவரியில் பின்வாங்கிய ஈராக் படை அங்கே 600க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்தது. கடைசிக் கிணறு மூடப்பட்டது நவம்பர் 6 அன்று. அதற்கு முன்பே, ஏப்ரல் 3 அன்று, ஐ.நா. பாதுகாப்புச் சபை 687ஆம் தீர்மானத்தைப் போட்டுவிட்டது. அதன் 16ஆம் பத்தியில், சுற்றுச்சூழல் சேதம், இயற்கை வள இழப்பு உட்பட நேரடி இழப்புகளுக்கெல்லாம் ஈராக்தான் பொறுப்பு என்று எழுதியிருக்கிறது. பணம் வசூலிக்க ஜெனீவாவில் ஒரு இழப்பீட்டு ஆணையம் உட்கார்ந்தது. ஈராக் விற்கும் எண்ணெயில் ஒரு பங்கு, தொடக்கத்தில் 30 சதவீதம், அதன் நிதிக்குப் போனது. குவைத்தில் வேலையைப் போட்டுவிட்டு 1990இல் கட்டிய துணியோடு ஓடிவந்த நம்மூர்க்காரர்கள் பின்னால் டாலரில் இழப்பீடு வாங்கினார்களே, அதே ஆணையம்தான், அதே நிதிதான். அந்தப் பணம் வந்த வீட்டுப் பிள்ளைகள்கூட அந்தச் சிரிப்பில் இருக்கலாம்.

சுற்றுச்சூழலுக்கென்று அரசுகள் கேட்டது சுமார் 8,500 கோடி டாலர். கிடைத்தது சுமார் 526 கோடி. நூறு ரூபாய் கேட்டு ஆறு ரூபாய். "அப்போ தோல்விதானே?" என்று அடுத்தவர் கிளம்புவார். கொஞ்சம் பொறுங்கள். மீதி ஏன் போனது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கேட்டதில் சில வரம்பு மீறிய தொகை என்பது உண்மைதான். ஆனால் பல கோரிக்கைகள் விழுந்ததற்குக் காரணம், போருக்கு முன்னால் அந்த இடம் எப்படி இருந்தது என்பதற்கு யார் கையிலும் அளவு இல்லை. வளைகுடாக் கடலில் 1991க்கு முன்பே எண்ணெய் இருந்தது. ஈரான்–ஈராக் போரில் 1983இல் நவ்ரூஸ் எண்ணெய் வயலில் இருந்து கொட்டியது, கப்பல்கள் தினமும் கொட்டியது எல்லாம் அங்கேதான் கிடந்தது. "இந்தத் தார் உருண்டை 1991இல் வந்தது என்று எப்படிச் சொல்கிறாய்?" என்று ஆணையத்தின் குழு கேட்டால், அந்த எண்ணெயின் வேதியியல் கைரேகையைக் காட்ட வேண்டும். காட்டியவனுக்குப் பணம் வந்தது. காட்டாதவன் வெறுங்கையோடு போனான். இது தெரிந்துதான் ஆணையமே 2001இல் முதல் தவணையாக, அளந்து பார்க்கும் வேலைக்கு மட்டும் சுமார் 24 கோடி டாலர் கொடுத்தது. முதலில் அளவு, பிறகுதான் சுத்தம். நான் போன வாரம் கத்தியதும் இதைத்தான்: அளந்து வையுங்கள்.

அளந்தால் என்ன தெரியும்? எரிந்த கிணறு கண்ணுக்குத் தெரியும். எரியாமல் பீறிட்ட கிணறுதான் பாலைவனத்தில் எண்ணெய் ஏரியாகத் தேங்கியது. தீயை அணைக்கக் கடல் நீர் வந்தது. எண்ணெயைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோன குழாய்களிலேயே நீரைத் திருப்பி அனுப்பி, கிணற்றோரம் குழி வெட்டித் தேக்கினார்கள். அணைத்தது சரி. ஆனால் குழியில் உப்பும் எண்ணெயும் தங்கிவிட்டன. வடக்குக் குவைத்தில் ரவ்தத்தைன் என்று ஒரு இடம். ஆறே இல்லாத நாட்டில், மழைநீர் பள்ளத்தில் இறங்கி, அடியில் இருக்கும் உப்பு நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. ஒவ்வொரு மழையும் மேலே கிடந்த உப்பையும் எண்ணெயையும் கழுவி அந்த நன்னீருக்குள் இறக்கியது. போர் முடிந்த பிறகு வந்த கேடு இது. அதற்கென்று தனியாகச் சுமார் 4 கோடியே 15 லட்சம் டாலர் கொடுத்தார்கள்.

சவூதிக் கரையில் இன்னும் மோசம். போரில் கடலில் கொட்டப்பட்ட எண்ணெய் 600 கிலோமீட்டருக்கு மேல் ஒதுங்கியது. உப்புச் சதுப்பில் அது நண்டு வளைகள் வழியாக ஆழத்துக்கு இறங்கியது. நண்டு செத்தது, வளை எண்ணெய்க் குழாயானது. அடியில் காற்று கிடையாது, காற்று இல்லாவிட்டால் எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர் சரியாக வேலை செய்யாது. பத்து வருடம் கழித்துத் தோண்டியபோதும் திரவமாகவே இருந்தது. மேலே பாசி பாய் விரித்ததுபோல் மூடி, புது நண்டு உள்ளே போக வழியில்லாமல் செய்துவிட்டது. கடைசியில் தூர்ந்துபோன ஓத ஓடைகளைத் திரும்ப வெட்டிவிட்டார்கள். கடல் நீர் ஏறி இறங்க, காற்றும் நண்டும் திரும்பின. அந்த ஓடை வெட்டிய செலவுக்கு எங்கே இருந்து பணம் வந்தது என்று நினைக்கிறீர்கள்?

"அதான் ஜெனீவா ஒப்பந்தம் இருக்கே" என்று இன்னொரு அறிஞர். இருக்கிறது. அதன் 1977ஆம் ஆண்டு முதலாம் கூடுதல் நெறிமுறை, இயற்கைக்குப் 'பரந்த, நீண்டகால, கடுமையான' சேதம் செய்யக் கூடாது என்கிறது. மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் குற்றமில்லை. 'நீண்டகாலம்' என்றால் பத்தாண்டுக் கணக்கில் என்று பொருள் சொல்கிறார்கள். ஈராக் அப்போது அதில் சேரவும் இல்லை. ஈராக்கிடம் வசூலித்தது அந்தப் பூட்டைத் திறந்து அல்ல. 'அடுத்தவன் நாட்டுக்குள் புகுந்ததே சட்டவிரோதம், அதில் இருந்து வந்த நேரடிச் சேதம் எல்லாம் உன் தலையில்' என்ற கணக்கில்தான் வசூல். அதனால் இரு தரப்பு ராணுவ நடவடிக்கையால் வந்த சேதமும் ஈராக் கணக்கில்தான் ஏறியது. ஈராக்கை விரட்ட வந்த அமெரிக்கக் கூட்டணிப் படைகள் சவூதிப் பாலைவனத்தில் முகாம் போட்டு மண்ணைக் கிளறியதற்கும் பில் ஈராக்குக்கே.

இங்கே "வென்றவன் நீதி" என்பீர்கள். ஆமாம், வென்றவன் நீதிதான். மறுக்கவில்லை. தோற்ற நாட்டுச் சனங்கள் பொருளாதாரத் தடையில் மருந்துக்குத் தவித்தபோதும் எண்ணெய்ப் பணத்தில் பங்கு போய்க்கொண்டிருந்தது. கடைசித் தவணை கட்டியது 2022 ஜனவரியில், மொத்தம் 5,240 கோடி டாலர். 1990இல் பிறக்காத பிள்ளை வளர்ந்து வரி கட்டும் வயதில் அந்தக் கடன் தீர்ந்தது. கூட்டணி சுட்ட செறிவு குறைந்த யுரேனியக் குண்டுகளுக்கு இப்படி ஒரு ஆணையம் யாரும் வைக்கவில்லை. இது எனக்கும் எரிகிறது. ஆனால் நீங்கள் இதைச் சொல்வது அந்த ஈராக்கியப் பிள்ளைக்காக இல்லை, என் வாயை அடைக்க. ஒருவனிடம் வசூலித்தார்கள், இன்னொருவனிடம் வசூலிக்கவில்லை என்றால், எல்லோரிடமும் வசூலி என்றுதானே கேட்க வேண்டும்? யாரிடமும் கேட்காதே என்பது எந்த ஊர் நியாயம்?

சரி, ககோவ்காவுக்கு வருவோம். 2023 ஜூன் 6 அன்று அணை உடைந்து நீர்த்தேக்கம் வற்றியது. வெறும் தரையில் இப்போது வில்லோச் செடி காடாக வளர்ந்திருக்கிறது. "பாத்தீங்களா, இயற்கை தன்னைத்தானே சரி பண்ணிக்கும்" என்று நேற்று ஒருவர் அந்தப் படத்தை இதயக் குறியோடு எனக்கு அனுப்பியிருக்கிறார். பல பத்தாண்டாகப் படிந்த வண்டல் அது. ஆற்றின் மேல்பகுதியில் இருந்த ஆலைகளின் கன உலோகம் எல்லாம் அதில்தான் படிந்திருக்கிறது, வெள்ளம் வந்தால் ஆற்றில் கலக்கும். சவூதிச் சதுப்பும் மேலே பார்க்க அப்படித்தான் அமைதியாக இருந்தது.

அந்தத் தரையில் அரை மீட்டர் துளைத்து எடுத்த மண்ணின் படம் இருந்தால் அனுப்பச் சொல்லுங்கள். நானும் இதயம் போடுகிறேன்.