திரும்ப வாங்கிய பங்கு சொத்தாகுமா?

“நிறுவனம் தன் பங்குகளைத் திரும்ப வாங்கினால் பணம் போய்ப் பங்கு கைக்கு வருகிறது, சொத்து மாறுகிறதே தவிர நிகர மதிப்பு குறையாது” என்று ஒரு வாதம் உண்டு.

பணம் வெளியேறுகிறது என்ற பாதி சரியே. ஆனால் ஒரு நிறுவனம் தன் பங்கையே தன் சொத்தாகக் காட்ட முடியாது. அந்தப் பங்கு ரத்தாகும்; சில நாடுகளில் ரத்து செய்யாமல் கருவூலப் பங்காக வைத்திருக்கலாம் என்றாலும், அதன் விலை பங்குதாரர் நிதியிலிருந்து கழிவாகவே நிற்கும்.

முகமதிப்பு 10 கொண்ட 100 பங்குகளால் மூலதனம் 1,000, காப்புநிதி 9,000, ஆகப் பங்குதாரர் நிதி மொத்தம் 10,000 என்று கொள்வோம். 10 பங்குகளைத் தலா 150 கொடுத்து வாங்கி ரத்து செய்தால், ரொக்கத்தில் 1,500 குறையும்போது, மூலதனத்தில் முகமதிப்பான 100 மட்டும் குறைய, மிச்சம் 1,400 காப்புநிதியிலிருந்து கழியும். பங்குதாரர் நிதி 8,500 ஆகும். புத்தக மதிப்பைவிடக் கூடுதலாகக் கொடுத்ததால், எஞ்சிய 90 பங்குகளின் தலா மதிப்பும் 100-இலிருந்து ஏறத்தாழ 94.4 ஆகிறது. (ஒரு பங்குக்கான லாபம் கூடலாம், அது வேறு கணக்கு.)

பங்குகளைத் திரும்ப வாங்கிய எந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலும், பங்குதாரர் நிதி மாற்ற அறிக்கையில் இந்தக் கழிவையும், பணப்புழக்க அறிக்கையில் நிதி திரட்டல் நடவடிக்கைகளின் கீழ் அதற்கான செலவையும் காணலாம். லாப நட்டக் கணக்கில் தேடினால் கிடைக்காது.