எழுபது எழுத்துக்கு ஒரு ரூபாய்

போன வருடம் நவம்பரில் ஒரு வாட்ஸ்அப் வந்தது. "சேர், மற்ற ஆக்களுக்கு அனுப்ப முன்னம் உங்களுக்கு அனுப்புறன். வாசிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ." அனுப்பியது நாங்கள் டியூஷன் வகுப்புகளுக்குப் பாவிக்கிற வரவுப் பதிவு ஆப்பைச் செய்த தம்பி. பகலில் ஒரு கம்பனியில் வேலை, இரவில் இந்த ஆப். ஆளை அடையாளம் காட்ட வேண்டாம் என்பதால் ஆப்பின் பெயரைச் சொல்லவில்லை. கேட்காதீர்கள்.

கூட வந்திருந்தது ஒரு கடிதம். சில வசதிகளுக்கு இனிக் காசு என்று பாவனையாளர்களுக்கு அறிவிக்கும் கடிதம். முதல் மூன்று பந்தி முழுக்க நன்றி, அன்பு, பயணம், குடும்பம். காசு நான்காவது பந்தியில்தான் தலையைக் காட்டியது. மாதம் 500 ரூபாய். எஸ்எம்எஸ், எக்செல் கோப்பாக எடுப்பது, ஒரு வருடத்துக்கு முந்திய பதிவுகளைப் பார்ப்பது, இந்த மூன்றும் அடுத்த மாதம் 1ஆம் திகதியிலிருந்து கட்டண வசதிகள். கடைசியில் ஓர் இனிப்பு: "பழைய பாவனையாளர்களுக்கு எல்லாம் வாழ்நாள் இலவசம்."

நானும் பழையவன்தான். ஆகவே எனக்குச் சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. அன்றிரவு முழுக்க எரிச்சல். ஏன் என்று எனக்கே பிடிபடாமல், மறுநாள் பின்னேரம் வகுப்பு முடிந்ததும் வெள்ளவத்தையில் காலி வீதியில் இருக்கிற ஒரு கடைக்கு ஆளை வரச் சொன்னேன். இரண்டு பிளேன்டீ, ஒரு தட்டு வடை.

முதலில் கேட்டது எஸ்எம்எஸ் பற்றி. பிள்ளை வகுப்புக்கு வந்ததும் பெற்றோருக்கு ஒரு மெசேஜ் போகும். ஆசிரியர் ஒருவருக்கு மாதம் 300 மெசேஜ் இலவசம். என் வகுப்பில் 36 பிள்ளைகள், மாதம் 8 வகுப்பு, ஆக 288. எல்லைக்குள்தான் இருந்தேன். பிறகு இவனுக்கு என்ன பிரச்சினை?

தம்பி போனைத் திறந்து தன் பில்லைக் காட்டினான். என் 288 மெசேஜுக்கு அவன் 576க்குக் காசு கட்டியிருக்கிறான்.

இது எனக்குப் புதிது. உங்களில் பலருக்கும் புதிதாக இருக்கும் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் ஓர் எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து போகும். தமிழிலோ சிங்களத்திலோ ஓர் எழுத்து உள்ளே வந்துவிட்டால் போதும், முழு மெசேஜும் வேறு முறைக்கு மாறி எல்லை 70 ஆகிவிடும். அதைத் தாண்டினால் இரண்டாகப் பிரிந்து போகும். பெறுகிறவரின் போன் அதைச் சேர்த்து ஒன்றாகத்தான் காட்டும், பில்லில் மட்டும் இரண்டு.

அதைவிடக் கொடுமை எண்ணுகிற விதம். "வகுப்புக்கு" என்ற சொல்லை நாம் ஆறு எழுத்தாக எண்ணுவோம். போன் அதைப் பதினொன்றாக எண்ணும். புள்ளி ஒரு இடம், உகரக் கொம்பு ஒரு இடம். "வ" மட்டும்தான் அந்தச் சொல்லில் ஒரே இடத்தோடு நிற்கிறது. எங்கள் மெசேஜ் இது:

வணக்கம். உங்கள் பிள்ளை கவின் இன்றைய வகுப்புக்கு வந்துள்ளார். நேரம் 4.05. நன்றி.

(பெயர் மாற்றியிருக்கிறேன், எழுத்துக் கணக்கு அதே.) வடைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினோம். 79. எல்லைக்கு மேல் ஒன்பதே ஒன்பது. அந்த ஒன்பதுக்காக ஒவ்வொரு மெசேஜுக்கும் இரட்டைக் காசு.

ஒரு எஸ்எம்எஸ் கணக்குக்கு லேசாக ஒரு ரூபாய் என்று வையுங்கள். ஆறேழு ஆசிரியர்கள் இருந்தபோது மாதம் மூவாயிரம், நாலாயிரம். அதைத் தம்பி சம்பளத்திலிருந்து கட்டிவிட்டுப் பேசாமல் இருந்தான். இப்போது 60 ஆசிரியர்கள். எல்லோரும் 300ஐயும் பாவித்தால் 36,000. இதற்கு மேல் சேர்வர் வாடகை, அது டொலரில். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டபோது 200 சொச்சத்தில் இருந்த டொலர் மே மாதத்தில் 360க்குப் போனதே, அந்த நாட்களிலும் இவன் எங்களிடம் ஐந்து சதம் கேட்கவில்லை.

"இதை ஏன்டா தம்பி கடிதத்தில எழுதேல்ல?"

"அழுற மாதிரி இருக்கும் சேர்."

இங்கேதான் எனக்கு அவனோடு ஒத்துப்போகவில்லை. நாங்கள் வகுப்புக் கட்டணத்தைக் கூட்டும்போது பெற்றோருக்கு என்ன சொல்கிறோம்? ஹோல் வாடகை கூடிவிட்டது, டியூட் அடிக்கிற பேப்பர் விலை கூடிவிட்டது என்கிறோம். அதைக் கேட்டு யாரும் நாங்கள் அழுகிறோம் என்று நினைப்பதில்லை. காரணம் தெரிந்தால் சிலர் கட்டுவார்கள், சிலர் தாங்கள் போகிறோம் என்பார்கள். காரணம் சொல்லாமல் மூன்று பந்தி அன்பைக் கொட்டினால், "என்னத்தை மறைக்கிறான்?" என்றுதான் மனம் போகும். என் எரிச்சலில் பாதி அதுதான்.

மற்றப் பாதி எக்செல். எஸ்எம்எஸ் போகப் போக அவனுக்குச் செலவு, அதற்குக் காசு கேட்பதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. ஆனால் என் வகுப்புப் பதிவு என் போனிலேயே கிடக்கிறது. நான்கு வருடமாக நானே விரலால் தட்டித் தட்டிப் போட்டது. அதைக் கோப்பாக எடுத்துத் தருவதில் அவனுக்கு ஒரு சதமும் செலவில்லை. முன்னைய வருடத்தைத் திறந்து பார்ப்பதற்கும் அப்படியே. பிறகு ஏன் பூட்டு? கேட்டேன். தம்பி நேர்மையாகவே சொன்னான்: "அதைப் பூட்டினாத்தான் சேர் ஆக்கள் கட்டுவினம்."

உண்மைதான், கட்டுவார்கள். போன ஜூலையில் யார் கட்டணம் தரவில்லை என்று பார்க்க வேண்டிய அவசரத்தில் கட்டுவார்கள். பிறகு முதல் வேலையாக எல்லாவற்றையும் எக்செலில் எடுத்துக்கொண்டு ஆப்பைத் தூக்கி எறிவார்கள். நானும் எறிவேன். வெளியே போகிற கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தால் ஆள் அவசரப்பட்டு எழும்ப மாட்டான். இதைச் சொன்னதும் தம்பி கொஞ்ச நேரம் பிளேன்டீயைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அந்த இரண்டையும் வெட்டினான்.

அப்புறம் அந்த வாழ்நாள் இனிப்பு. பழையவர், புதியவர் என்று ஆப்புக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஆண்ட்ராய்டில் ஓர் ஆப்பை முதலில் எப்போது போட்டார்கள் என்ற நேரம் பதிவாகி இருக்குமாம். `firstInstallTime` என்று பெயர். அது குறித்த திகதிக்கு முந்தியதாக இருந்தால் பழைய ஆள், அவருக்கு இலவசம்.

"அப்ப நான் போன மாசம்தானே போன் மாத்தினனான். நான் பழைய ஆளோ, புது ஆளோ?"

தம்பி பதில் சொல்லவில்லை. அந்த நேரம் போனுக்குரியது, ஆளுக்குரியதல்ல. போனை மாற்றினால், அல்லது ஆப்பை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டால், புதிதாகத் தொடங்கிவிடும். நான்கு வருடமாக இருக்கிறவன் செப்டம்பரில் போன் மாற்றினால், "வாழ்நாள் இலவசம்" என்று கடிதம் கொடுத்த அதே ஆப் அவனிடம் 500 ரூபாய் கேட்கும். அன்றைக்கு அவன் இது தொழில்நுட்பக் கோளாறு என்று நினைக்கப் போவதில்லை. ஏமாற்றிவிட்டான் என்றுதான் நாலு பேருக்குச் சொல்வான். ஐபோனில் ஒருவர் முதலில் இறக்கிய பதிப்பு எது என்பதை ஆப்பிள் கணக்கோடு சேர்த்தே வைத்திருப்பார்கள், அதனால் அங்கே இந்தத் தொல்லை குறைவு என்றான். எங்கள் ஆசிரியர்களில் ஐபோன் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர், சொல்லுங்கள் பார்ப்போம்.

செய்யக்கூடிய வழி, கட்டணம் தொடங்குவதற்கு முன்னமே பழைய ஆட்களின் போன் நம்பரைச் சேர்வரில் எழுதி வைப்பது. எஸ்எம்எஸ் பாவிக்கிறவர்கள் எல்லோரும் நம்பரைக் கொடுத்துத்தான் உள்ளே வந்திருக்கிறார்கள், ஆகவே அது ஒரு மாலை வேலை. ஆனால் அதற்குப் பிறகும் எனக்கு "வாழ்நாள்" என்ற சொல் பிடிக்கவில்லை. மாதா மாதம் காசு போகிற ஒன்றை ஆயுளுக்கும் சும்மா தருகிறேன் என்று எழுதுவது, இன்னும் வராத சம்பளத்தில் கடன் எழுதிக் கொடுப்பது மாதிரி. 60 பேரும் பழைய ஆட்கள்! எல்லோருக்கும் சும்மா என்றால் பிறகு எதற்குக் கடிதம்? புதிதாக வருகிற பத்துப் பேர் இந்த அறுபது பேரையும் சுமப்பார்களா? அதிலும் கூகுள் தன் பங்காக 15 சதவீதம் எடுத்தால் 500இல் அவன் கைக்கு வருவது 425.

ஆகவே புதுக் கடிதம் காசிலேயே தொடங்கியது. ஏப்ரல் 1இலிருந்து எஸ்எம்எஸ்ஸுக்குக் கட்டணம், மாதம் 500, இதுதான் முதல் வரி. அடுத்தது பில், எழுத்துக் கணக்கோடு. மூன்றாவது, வரவுப் பதிவு, கட்டணப் பதிவு, பழைய வருடங்கள், எக்செல், எல்லாம் எல்லோருக்கும் இலவசம், காசு கட்டாதவருக்கும் கட்டுவதை நிறுத்தியவருக்கும்கூட. பழைய ஆட்களுக்கு மார்ச் கடைசிவரை 300 மெசேஜ் இப்போது போலவே. திகதியைத் தள்ளிப் போடச் சொன்னதும் நான்தான். டிசம்பர் 1 என்றால் பெற்றோரிடம் அந்த மாதக் கட்டணத்தை ஏற்கனவே சொல்லியாயிற்று. ஜனவரியில் புது பட்ச் தொடங்கும்போது என்றால் இதையும் சேர்த்துக் கணக்குப் போடலாம். நன்றி கடைசியில், ஒரே வரியில்.

சில ஆசிரியர்கள் அதற்கும் கத்தினார்கள். "நாலு வருசம் சும்மா தந்தவன் இப்ப ஏன்?" என்று ஒருவர். அந்த ஆள் தன் வகுப்பில் டியூட்டுக்கு வேறாகக் காசு வாங்குகிறவர் என்பது வெள்ளவத்தைக்கே தெரியும். சரி, விடுங்கள்.

மெசேஜையும் வெட்டினோம். "வணக்கம்" புள்ளியும் இடைவெளியும் சேர்த்து 9, "நன்றி" 7. இரண்டையும் எடுத்தால் 63. ஒரே எஸ்எம்எஸ். நீளப் பெயர் வந்தால் என்ன ஆகும் என்று கிருஷாந்தினி என்று போட்டுப் பார்த்தோம், சரியாக 70இல் போய் நின்றது. இருவரும் கடையிலேயே கைதட்டினோம். அதற்கும் நீளமான பெயர்களுக்கு ஆப்பே "இன்றைய" என்பதை எடுத்துவிடும்.

புது மெசேஜ் போன முதல் நாள் இரவு ஒரு தாய் எடுத்தார். "சேர், பிள்ளை ஏதும் குழப்படி செய்தவனோ? மெசேஜ் ஒரு மாதிரி மொட்டையா வந்திருக்கு. கோபமோ எண்டு கேக்கத்தான்."