மூன்று வேளை சாப்பாடாம், எங்கே அந்த மூன்று வேளை?

பிஜி விடுதிக்காரர்கள் மறுபடியும் விளம்பரம் ஒட்டிவிட்டார்கள். கவுன்சலிங் முடிந்த கையோடு தாம்பரத்திலிருந்து பொத்தேரி வரைக்கும் ஒரு மின்கம்பம் மிச்சமில்லை. "ஏசி ரூம், த்ரீ ஷேரிங், மூன்று வேளை வீட்டுச் சாப்பாடு, மாதம் 7,500 மட்டும்." அந்த 'மட்டும்' என்ற சொல்லைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

அந்த மூன்று வேளையை ஒரு தடவையாவது யாராவது விரல் விட்டு எண்ணியிருக்கிறார்களா? முப்பது நாள், நாளுக்கு மூன்று, ஆக 90 வேளை. இதை நம்பித்தானே காசு கட்டுகிறோம்? இப்போது கழியுங்கள். காலேஜ் பஸ் 6.45க்கு வந்துவிடும், பிஜியில் இட்லித் தட்டு இறங்குவது 7.30க்கு. வாரநாள் 22, அந்த 22 காலைச் சாப்பாடும் போச்சு. மதியம் பிள்ளை வகுப்பில் இருக்கும். "டப்பாவில் கட்டித் தருவீங்களா"ன்னு கேட்டால், "மதிய சாப்பாடு இங்க வந்துதான் சாப்பிடணும் தம்பி" என்று பதில். இன்னொரு 22 போச்சு. ஞாயிறு ராத்திரி சமையலம்மாவுக்கு லீவு, நாலு வேளை. மிச்சம் எவ்வளவு? 42! தொண்ணூறு என்று சொல்லி வாங்கிய பணத்துக்கு நாற்பத்திரண்டு!

7,500இல் சாப்பாட்டுக்கு 3,500 என்று அவர்களே சொல்கிறார்கள். 42ஆல் வகுத்தால் ஒரு வேளைக்கு 83 ரூபாய். தண்ணியாய் ஓடும் சாம்பாருக்கும், மத்தியானம் வடித்த சோற்றில் கிளறிய எலுமிச்சை சாதத்துக்கும் 83 ரூபாய்! வெளியே காலையில் 40, மதியம் 60 என்று குறைத்துப் போட்டாலும் 22 நாளைக்கு இன்னொரு 2,200 பையிலிருந்து போகிறது.

பல காலேஜ் விடுதிகளில் 'டிவைடிங் சிஸ்டம்' என்று ஒன்று இருக்கிறது. மாதச் செலவு மொத்தத்தையும் பிள்ளைகள் சாப்பிட்ட நாள் கணக்கால் வகுத்துப் பில் போடுவார்கள், முன்கூட்டி எழுதிக் கொடுத்து ஊருக்குப் போனால் அந்த நாள் கழியும். பிஜியில் தீபாவளிக்குப் பத்து நாள் ஊரில் இருந்தாலும் பத்துப் பைசா கழியாது. அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் மெனுவைக் கேட்காதீர்கள், நேரத்தைக் கேளுங்கள். காலை எத்தனை மணிக்குத் தட்டில் விழும்? டப்பா உண்டா? ராத்திரி எத்தனை மணிக்குச் சட்டியைக் கழுவுவார்கள்? சாப்பாடு இல்லாமல் வாடகை மட்டும் எவ்வளவு? கடைசிக் கேள்விக்குத் திக்கினால் புரிந்துகொள்ளுங்கள்.

சரி, சாப்பாடு கிடக்கட்டும். கரண்ட் பில்! இந்தக் கரண்ட் பில்லை நினைத்தால்தான் ராத்திரி தூக்கம் வரமாட்டேன் என்கிறது. 'ஏசி ரூம்' என்று கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள், 'ஏசி கரண்ட் தனி' என்பதை முதல் மாதம் முடிந்து கதவிடுக்கில் சீட்டு செருகும்போதுதான் சொல்கிறார்கள்.

ஒரு அறையின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். பழைய ஒன்றரை டன் ஏசி, ராத்திரி 9 முதல் காலை 6 வரை. நின்று நின்று ஓடுவதைச் சேர்த்து மணிக்குச் சராசரியாக 1.2 யூனிட் என்று வைத்தால் ஒரு ராத்திரிக்கு 11 யூனிட் சுமார், மாதம் 330. சீட்டில் இருப்பது 540! யூனிட் 14 ரூபாய் வீதம் 7,560. மூன்று பேர் அறைதான், ஆனால் மூன்றாவது கட்டிலுக்கு இன்னும் ஆள் வரவில்லை. "இருக்கிற ரெண்டு பேர் பிரிச்சுக்கங்க." ஆளுக்கு 3,780. காலிக் கட்டிலுக்கு ஆள் பிடிப்பது அவர்கள் வேலை, அந்தக் கட்டிலின் கரண்டை நாம் ஏன் கட்டணும்?

அந்த 210 யூனிட் எங்கிருந்து வந்தது தெரியுமா? வராந்தா கோடியில் பொதுக் குளியலறை. அங்கே 2,000 வாட் ஹீட்டர். நாலு அறைப் பிள்ளைகளும் வெந்நீர் பிடிக்க, நாளுக்கு மூன்றரை மணி நேரம் ஓடினால் 7 யூனிட், முப்பது நாளைக்கு 210. அந்த ஹீட்டரின் வயர் வந்து சேருவது இந்த ஒரே அறையின் மீட்டரில்! வேண்டுமென்றே செய்தார்களோ, வயரிங் செய்தவர் கிட்டே இருந்த லைனில் கொக்கி போட்டாரோ, கட்டுகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். 2,940 ரூபாய்.

இதைப் பிடிக்க எலெக்ட்ரீஷியன் வேண்டாம். அறைக்கான சப் மீட்டர் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். பக்கத்தில் 3200 imp/kWh என்று அச்சிட்டிருந்தால், 3,200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். அறையில் ஏசி, ஃபேன், லைட், சார்ஜர் எல்லாவற்றையும் அணையுங்கள். காலை ஆறு மணிக்கு, எல்லாரும் குளிக்கிற நேரத்தில் போய் நில்லுங்கள். விளக்கு மினுக்கக் கூடாது. நொடிக்கு ஏறக்குறைய இரண்டு தடவை மினுக்கினால், 2,000 வாட் ஹீட்டர் உங்கள் தலையில் ஓடுகிறது. அதை அப்படியே வீடியோ எடுங்கள். குடியேறும் நாளே மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்து, அன்றே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். இல்லையென்றால் போன வருஷத்துப் பையன் விட்டுப்போன யூனிட்டும் உங்கள் கணக்கில்தான் ஏறும்.

ஆக 7,500, அதோடு 3,780, வெளிச் சாப்பாடு 2,200. மொத்தம் 13,480. கம்பத்தில் என்ன எழுதியிருந்தது? 7,500 மட்டும்!

வேண்டாம், காலி பண்ணுகிறேன் என்றால் அங்கே அடுத்த அடி. ஒரு மாத நோட்டீஸ் என்பார்கள். ஆகஸ்ட் 5ஆம் தேதி சொன்னால் செப்டம்பர் 5 என்றுதானே நினைப்போம்? இல்லையாம், நோட்டீஸ் அடுத்த மாதம் 1ஆம் தேதியிலிருந்துதான் ஓடுமாம், செப்டம்பர் 30 வரை வாடகை கொடுக்கணுமாம். முன்னாலேயே கிளம்பினால் அட்வான்ஸ் 15,000இல் ஒரு மாத வாடகை 7,500, பராமரிப்பு 2,000, பெயின்ட் 1,500 போய்க் கையில் 4,000. இரண்டு மாதம் தூங்கிய அறைக்கு என்ன பெயின்ட்? ரசீதில் 'திருப்பித் தரப்படும் தொகை' எவ்வளவு, நோட்டீஸ் எந்தத் தேதியிலிருந்து கணக்கு, இந்த இரண்டையும் பேனாவால் எழுதி வாங்காமல் பணத்தை நீட்டாதீர்கள்.

ஆனால் எப்படி எழுதி வாங்குவார்கள்? காலையில் நெல்லை எக்ஸ்பிரஸில் தாம்பரத்தில் இறங்கி, பாயும் பக்கெட்டுமாய் நாலு வீடு ஏறி இறங்கி, ராத்திரி வண்டிக்குத் திரும்ப வேண்டிய அப்பாவிடம் "இதுதான் கடைசி பெட், இன்னொரு பார்ட்டி வந்துட்டு இருக்காங்க" என்றால் அவர் மீட்டரைப் பார்ப்பாரா, வண்டியைப் பார்ப்பாரா? அந்த அவசரத்தில்தானே இவ்வளவும் நடக்கிறது! பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களாவது கட்டாயம் ஒன்று கேளுங்கள். 2014ஆம் வருஷச் சட்டப்படி தமிழ்நாட்டில் பெண்கள் விடுதிக்குக் கலெக்டர் கொடுத்த லைசென்ஸ் இருக்க வேண்டும். காட்டச் சொல்லுங்கள். "அப்ளை பண்ணியிருக்கோம்" என்பது லைசென்ஸ் ஆகாது.

இதெல்லாம் பணம், போகட்டும். ஊரிலிருந்து பத்து மணி நேரம் பயணம் பண்ணி மகளைப் பார்க்க வருகிற அம்மாவை கேட்டுக்கு வெளியே நிறுத்துகிறார்களே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது? "விசிட்டர்ஸ் உள்ள வரக்கூடாது." ஆண்கள் வரக்கூடாது என்றால் புரிகிறது. பெண்கள் விடுதிக்குள் பெற்ற அம்மா ஐந்து நிமிஷம் போய்ப் பாத்ரூம் பயன்படுத்தக் கூடாதா? ராத்திரி தங்கினால் 300 ரூபாயாம், அதுவும் மகளின் கட்டிலிலேயே படுப்பதற்கு!