பில்லைப் பேனாவால் அடித்து எழுதினால் ஜிஎஸ்டி போர்ட்டலில் மாறிடுமா?

மண்டபத்துல பெயிண்ட் கடை வச்சிருக்கேன். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம். விசைப்படகெல்லாம் மராமத்துக்கு நிக்கிற அந்த ரெண்டு மாசந்தான் எங்களுக்கு வியாபாரமே. சரியா அந்த நேரத்துல வெளியூர் சப்ளையர் பில்லைச் சொதப்பி வைக்கிறாங்க.

மே மாச பில். சரக்கு ஒரு லட்சம், 18% வரி 18,000. பேரும் விலாசமும் என்னோடது. ஜிஎஸ்டி நம்பர் மட்டும் என் கடைப் பேர் மாதிரியே பேர் வச்சிருக்கிற கீழக்கரைக் கடையோடது! கேட்டா, "டைப்பிங் மிஸ்டேக்ணே" ங்குறார் அங்க பில் போடுற தம்பி. எப்படிப்பா? அந்த 15 எழுத்துல கடைசி எழுத்தே முன்னாடி இருக்கிற 14ஐயும் சரிபார்க்கத்தான் இருக்கு. ஒரு எழுத்து மாறி விழுந்தா போர்ட்டல் ஏத்துக்காது. லெட்ஜர்ல என் பேருக்கு நேரா அடுத்தவர் நம்பரை ஏத்தி வச்சிருக்கீங்க. அதைத் திருத்தாம விட்டா அடுத்த பில்லும் அங்கதான் போகும்.

இதுக்கு அவங்க செஞ்ச வைத்தியம் என்ன தெரியுமா? நம்பரைப் பேனாவால அடிச்சு, மேல சரியான நம்பரை எழுதி, சீல் குத்தி வாட்ஸ்அப்ல அனுப்பிட்டாங்க. அந்தப் பேப்பரை யாருக்குக் காட்ட? சப்ளையருங்க என் நம்பர்ல ஏத்தின பில்லையெல்லாம் காட்டுற பட்டியல்தான் 2பி. ஜூன் 14ல வந்த என் 2பி-ல அந்த பில் இல்லை. 2பி-ல இல்லாத வரியை, நான் கட்ட வேண்டிய வரியில கழிச்சுக்க கிரெடிட் எடுக்க முடியாது. 20ம் தேதிக்குள்ள வரி கட்டுற 3பி ரிட்டர்ன் போடணும், அந்த 18,000-ஐக் கைக்காசுல கட்டணும். சப்ளையருக்கு ஒருதடவை கொடுத்த அதே வரி! கிரெடிட் கீழக்கரைக்காரர் கணக்குல உக்காந்திருக்கு, அவர் வாங்காத சரக்குக்கு.

செய்ய வேண்டியது பெரிய வேலையே இல்லை. நீங்க போடுற அடுத்த மாச விற்பனை ரிட்டர்ன் ஜிஎஸ்டிஆர்-1ல, பழைய பில்லைத் திருத்துற 9ஏ அட்டவணையில, அதே பில் நம்பரையும் தேதியையும் போட்டு வாங்கினவர் நம்பரை மாத்தணும். அந்த மாச 2பி-ல எனக்கு வந்துடும். அதே மாச ரிட்டர்னைத் திருத்துற ஜிஎஸ்டிஆர்-1ஏ-ல பண்றோம்னு இழுக்காதீங்க, வாங்கினவர் நம்பரை அதுல மாத்த முடியாது. அந்த நிதியாண்டு முடிஞ்சு வர்ற நவம்பர் 30 தாண்டிட்டா இந்த வழியும் அடைஞ்சிடும். அதனாலதான் கத்துறேன்.

தொகை தப்புன்னா அது வேற கதை. பத்து டின் இறக்கிட்டு பன்னெண்டுக்கு பில் போட்டா, "அடுத்த பில்லுல கழிச்சுக்கலாம்ணே" ன்னு வாயால சொல்லாதீங்க. வராத சரக்குக்கு நான் கிரெடிட் எடுக்கக் கூடாது. ரெண்டு டின்னுக்கும் வரியோட கிரெடிட் நோட் போட்டு, அதையும் போர்ட்டல்ல ஏத்துங்க. குறைச்சுப் போட்டிருந்தா டெபிட் நோட்.

இனிமே என் 2பி-ல பில் தெரியுற வரைக்கும் சரக்குக்கான காசு மட்டும்தான் வரும். வரிக் காசு நிக்கும்.