சோர்வா, நாட்டமின்மையா?
“பயிற்சியில் ஆர்வம் காட்டாத பாரிசவாத நோயாளிக்கு மனச்சோர்வு மாத்திரையைத் தாமதிக்காமல் தொடங்க வேண்டும்” என்கிறார்கள். கவலையே இல்லாதவருக்குமா? மட்டக்களப்பில் மறுவாழ்வு வாட்டில் தாதியாக இருந்தபோது பாரிசவாதம் வந்த வாவி மீனவர் ஒருவரைப் பராமரித்தேன். சோறு முன்னால் ஆறிக்கொண்டிருக்கும்; கை வைக்க மாட்டார். “சாப்பிடுங்கள் ஐயா” என்று கரண்டியைக் கையில் கொடுத்தால் தட்டைக் காலி செய்வார். அழுகை இல்லை, தூக்கம் கெடவில்லை, செத்தால் நல்லது என்ற பேச்சும் இல்லை. கவலை முழுவதும் மனைவிக்குத்தான். இது நாட்டமின்மை, ஒன்றைத் தொடங்கும் உந்துதல் மூளையில் பழுதுபட்டிருக்கிறது. செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் இதற்குப் பெரிதாக உதவுவதில்லை, சிலரை இன்னும் மந்தமாக்கும். இம்மாத்திரைகளால் முதியவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் குறைந்தும் மந்தம் வரலாம். அதையும் நோயின் கணக்கில் எழுதிவிடுவோம்! அவருக்கு உதவியவை நேர அட்டவணையும், ஒவ்வொரு வேலையிலும் முதல் அசைவைத் தொடங்கிவைத்த கையும்தான். மாத்திரை தேவைப்பட்டவர் வாட்டின் பெண்கள் பகுதியில் இருந்தார். பேச்சிழந்த ஆசிரியை, விடியுமுன் விழித்துவிடுவார், பேரப்பிள்ளை வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பி அழுவார். இப்படிப்பட்டவரிடம் மனச்சோர்வை அளக்கும் கேள்வித்தாளை நீட்டிப் பயனில்லை. தாதியும் குடும்பமும் கண்டவற்றை வைத்தே முடிவெடுக்க வேண்டும். செர்ட்ரலினின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆயின. பேச்சுப் பயிற்சியை அதற்காக நிறுத்திவைக்கவில்லை.