பன்னிரண்டில் சனி இருந்தால் வெளிநாடு உறுதியா?

தன் ஜாதகக் கட்டத்தைப் போட்டுக் கேட்ட ஒருவருக்கு இங்கே இன்னொருவர் சொன்ன பலன்: "12-ல் சனி, ரிஷப லக்னம். கட்டாயம் வெளிநாட்டில் குடியேறுவீர்கள், தைரியமாகக் கடன் வாங்கிக் கிளம்புங்கள்."

இதை நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள். பலன் சொன்னவர் பன்னிரண்டாம் வீட்டில் உட்கார்ந்த கிரகத்தை மட்டும் பார்த்திருக்கிறார், வீட்டுக்காரரை விட்டுவிட்டார். ரிஷபத்துக்குப் பன்னிரண்டு மேஷம், அதிபதி செவ்வாய். கேட்டவர் போட்ட கட்டத்தில் செவ்வாய் நான்கில், சிம்மத்தில் நிற்கிறார். நான்கு என்பது வீடு, மனை, சொந்த ஊர். பன்னிரண்டு விரய வீடு, அதாவது செலவு வீடு; அதன் அதிபதி அங்கே போனால் பெரிய செலவு முதலில் வீடு கட்டுவதிலும் பழுது பார்ப்பதிலும்தான் போகும். ஊரை விட்டு நிரந்தரமாகப் போவார் என்று இதை வைத்து மட்டும் சொல்ல முடியாது.

வெளிநாடு போக ராகுவும் சேர வேண்டும் என்று இங்கே ஓர் அண்ணன் சொன்னது பாதி சரி. ராகு அந்நியத் தொடர்பைக் கூட்டும், ஆனால் அதற்குரிய கிரகம் பலன் தரும் காலமான தசாபுத்தி வராமல் பயணம் நடக்காது.

சனி இங்கே நீசம், அதாவது பலம் குறைந்தவர், ஆனாலும் 9, 10-ஆம் வீடுகளுக்கு உடையவர். அதனால் வேலைக்காகச் சில காலம் வெளியே தங்க வாய்ப்பு உண்டு. எவ்வளவு காலம் என்பதில் என் குருவும் நானுமே ஒத்துப்போனதில்லை.

தனக்கும் பன்னிரண்டில் சனி, தூக்கம் வரவில்லை என்று இங்கே தன் கதையைச் சொன்ன தங்கைக்கு: பன்னிரண்டு சயன ஸ்தானம், அங்கே சனி இருந்தால் தூக்கம் தள்ளிப்போகும், தனிமை தேடும் என்பார்கள். ஆனால் மூன்று மாதமாகத் தூக்கமில்லை என்றால் முதலில் மருத்துவரைப் பாருங்கள் அம்மா, ஜாதகம் அப்புறம்.